ஒரு நிமிட வீடியோவில் பயோடேட்டாவை ஒப்பிக்காதீர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. முதல் சுற்றுக்கு ஒரு நிமிட அறிமுக வீடியோ கேட்கிறோம். வருவதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பத்தாம் வகுப்பு சதவீதம், பொழுதுபோக்கு கிரிக்கெட். வேலையைப் பற்றிய பேச்சு வருவதற்குள் நிமிடம் முடிந்துவிடுகிறது.

எழுதி வைத்துப் பேசுவது தப்பில்லை. எதை எழுதுகிறீர்கள் என்பதுதான் பிரச்சனை. சதவீதமும் படித்த வருடமும் நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவிலேயே இருக்கின்றன, அது எங்கள் மேசையில்தான் கிடக்கிறது. அதையே திரும்பச் சொல்ல வீடியோ எதற்கு? கொடுத்த வேலையை இவரால் விளக்கிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறோம். அப்பாவின் தொழிலை வைத்து யாரையும் எடுப்பதும் இல்லை, கழிப்பதும் இல்லை. தயவுசெய்து நம்புங்கள்.

சமீபத்தில் பாலக்கோட்டுத் தம்பி ஒருவர், டிப்ளமோ மெக்கானிக்கல், தர ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். அப்ரண்டிஸ் முடித்தவர். வீடியோவில் அதைப் பற்றி ஒரே வரி: "குவாலிட்டியில் நல்ல அனுபவம் உண்டு." போனில் கூப்பிட்டு, அங்கே என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். கடகடவென்று சொன்னார். சொன்னதையே எழுதச் சொன்னேன்:

"வணக்கம், நான் டிப்ளமோ மெக்கானிக்கல். தர ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அப்ரண்டிஸாக இருந்தபோது சிஎன்சி லேத்தில் வரும் ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் அளப்பது என் வேலை. ஒருநாள் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மேல் எல்லையை நோக்கி ஏறியது. எல்லையைத் தாண்டும் முன்பே ஆபரேட்டரிடம் சொன்னேன். பார்த்தால் இன்சர்ட் தேய்ந்திருந்தது. மாற்றினோம், ஒரு பீஸும் ரிஜெக்ட் ஆகவில்லை. டிராயிங் படிப்பேன், வெர்னியரும் பழக்கம். உடனே சேர முடியும்."

அவ்வளவுதான். நிதானமாகப் பேசினாலும் நிமிடத்துக்குள் அடங்கும். 'கடின உழைப்பாளி' என்று எங்குமே இல்லை, ஆனால் கவனமான ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் போனில் நேரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். ஐம்பது நொடியில் முடிந்தால் சரி. நேரம் போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஒரு வரியை வெட்டுங்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் 110, 120 வார்த்தைக்கு மேல் போக வேண்டாம். நாக்கு தடுக்கும் வார்த்தையை மாற்றிவிடுங்கள், நண்பர் எழுதிக் கொடுத்த பெரிய வார்த்தைகள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

முழுத்தாளைப் பார்த்துப் படித்தால் கண் இடமிருந்து வலம் ஓடுவது எங்களுக்கு அப்பட்டமாகத் தெரியும். நாலு குறிப்புச் சொற்களை மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வரிக்கு வரி அப்படியே வர வேண்டியதில்லை.

இன்னொன்று: பிறந்த தேதி, ஆதார் எண், வீட்டு முகவரி எதையும் வீடியோவில் சொல்லாதீர்கள். அது யார் யார் போனுக்குப் போகும் என்று எனக்கே தெரியாது. பழைய கம்பெனியின் டிராயிங்கையோ வாடிக்கையாளர் பெயரையோ காட்டவும் வேண்டாம், அதைக் காட்டுபவரை எடுக்க எந்த மேலாளரும் தயங்குவார்.