நீல டிக்குக்கு மாதாமாதம் காசு கட்டலாமா? ஏற்காட்டு ஹோம்ஸ்டே ஒன்றின் கணக்கு

சேலத்தில் சில கடைகளுக்கும் ஏற்காட்டில் சில ஹோம்ஸ்டேக்களுக்கும் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சீசன் நெருங்கினால் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "காசு கட்டி, பக்கத்தோட பேருக்குப் பக்கத்துல வர்ற அந்த நீல டிக்கை வாங்கிரலாமுங்களா?" உங்கள் வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்து நம்பிப் பணம் அனுப்புகிறார் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் நான்கு அறைகள் வைத்து நடத்தும் ஒரு அக்காவின் கதையை எடுத்துக்கொள்வோம். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் படங்களை அப்படியே எடுத்து, பெயரில் ஒரு புள்ளி மட்டும் கூடுதலாகச் சேர்த்து யாரோ போலிப் பக்கம் திறந்துவிட்டார்கள். அசல் பக்கத்தில் "ரேட் எவ்வளவு?" என்று கமென்ட் போட்டவர்களுக்கெல்லாம் போலியிலிருந்து மெசேஜ் போனது. வார இறுதிச் சலுகை, பாதி அட்வான்ஸை இந்த ஜிபே நம்பருக்கு அனுப்புங்கள் என்று. இரண்டு குடும்பங்கள் பணத்தை அனுப்பிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பெட்டியோடு கேட்டில் வந்து நின்றன. அக்கா மனசு கேட்காமல் அறை கொடுத்தார். நஷ்டம் அவருக்கு. "டிக் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காதுல்ல தம்பி?" என்றார்.

ஆகியிருக்கும். ஏமாந்தவர்கள் போலிப் பக்கத்தில் டிக் இல்லை என்பதைக் கவனித்திருக்க, அசல் பக்கத்தில் டிக் உண்டு என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வரும் விருந்தினருக்கு அது எப்படித் தெரியும்? நம் ஊரில் பெரும்பாலான ஹோம்ஸ்டேக்களுக்கு டிக் கிடையாது. அதனால் டிக் இல்லாத பக்கத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவர்கள் ஏமாந்த இடம் வேறு. யுபிஐயில் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடி திரையில் வரும். போலி ஆளின் கணக்கில் சம்பந்தமே இல்லாத ஒரு தனிநபர் பெயர் வந்திருக்கிறது. விருந்தினர் அதைப் பார்த்தும் அனுப்பியிருக்கிறார்கள். காரணம், அசல் ஹோம்ஸ்டேக்களே அப்படித்தான் பணம் வாங்குகின்றன. இந்த அக்காவும் அதுவரை தன் மகனுடைய சேமிப்புக் கணக்கில்தான் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தார். யார் பெயர் வந்தாலும் சரி என்று வாடிக்கையாளரைப் பழக்கிவிட்டது நாம்தான்.

ஆகவே முதல் வேலையாக, ஹோம்ஸ்டே பெயரிலேயே நடப்புக் கணக்கு திறக்கச் சொன்னேன். அதற்கு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் போன்ற தொழில் ஆவணங்கள் தேவை. உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். கணக்கு வந்ததும் பக்கத்தின் மேலே ஒரு பதிவைப் பின் செய்து வைத்தோம்: "பணம் அனுப்பும்போது திரையில் எங்கள் ஹோம்ஸ்டே பெயர் வராவிட்டால் அனுப்பாதீர்கள். சலுகை என்று நாங்களாக மெசேஜ் அனுப்புவதில்லை." வாட்ஸ்அப் பிசினஸின் தானியங்கி வரவேற்பு மெசேஜிலும் இதே வரிகள். கூகுள் மேப்பில் உள்ள தொழில் பக்கத்தையும் சரிபார்த்து எடுத்தோம். அதற்குக் கட்டணம் இல்லை. "கூகுள் வெரிஃபிகேஷனுக்குப் பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் டிக் பேச்சுக்கு வந்தோம். இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா இந்த டிக்கை விற்பது மெட்டா வெரிஃபைடு என்ற சந்தாவில். அதன் தொழில் திட்டம் 2024இல் இந்தியாவுக்கு வந்தபோது, அறிமுக விலை ஒரு செயலிக்கு மாதம் 639 ரூபாயில் தொடங்கி, இரண்டு செயலிகளுக்கான உச்சத் திட்டத்தில் 21,000 ரூபாய் வரை போனது. உங்கள் போனில் இன்று காட்டும் விலைதான் உங்களுக்கான விலை. காசுக்குக் கிடைப்பவை முக்கியமாக மூன்று: டிக், உங்கள் பெயரில் போலி வருகிறதா என்ற கண்காணிப்பு, பிரச்சினை என்றால் பேச ஒரு ஆள். அறை சுத்தமாக இருக்கும் என்பதற்கு அந்த டிக் உத்தரவாதம் ஆகாது.

639 என்றே வைத்தாலும் வருடத்துக்கு 7,668 ரூபாய். அக்காவின் அறை வாடகை 3,000. சாப்பாடு, துணி துவைப்பு, ஆள் கூலி, கரண்ட் போக ஓர் இரவுக்கு 1,200 வரை நிற்கிறது. டிக்கின் செலவை ஈடுகட்டவே வருடத்தில் ஏழு அறை-இரவு கூடுதலாக விற்க வேண்டும். மே மாத சனி, ஞாயிறில் அறைகள் எப்படியும் நிரம்பிவிடும். கூடுதல் ஆள் வர வேண்டியது ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமையில். டிக்கைப் பார்த்து யாரும் செவ்வாய்க்கிழமை மலை ஏறமாட்டார்கள். எனவே விளம்பரச் செலவாகப் பார்த்தால் எனக்கு இது ஒப்பவில்லை.

இங்கே ஒரு தவறான கணக்கு சுலபமாக நுழையும். ஏப்ரலில் டிக் வாங்குபவருக்கு மே மாதம் விசாரணை இரண்டு மடங்காகும். கோடை விழாவும் பள்ளி விடுமுறையும் செய்த வேலையை டிக்கின் கணக்கில் எழுதிவிடுவார். ஒப்பிடுவதானால் போன வருட மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். "எங்களை எப்படித் தெரியும்?" என்று வருபவரிடம் கேட்டு நோட்டில் எழுதுவது இன்னும் நல்லது.

ஆனால் பாதுகாப்புச் செலவாகப் பார்த்தால் இந்த அக்காவுக்கு நியாயம் இருந்தது. போலி ஒன்று போனால் இன்னொன்று முளைத்தது. இன்ஸ்டாகிராமில் போலியைப் பற்றி இலவசமாகவே புகார் செய்யலாம், அதை எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் ஏமாந்தவர் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். புகார் திரும்பத் திரும்பத் தேவைப்படும் நிலையில், பேச ஒரு ஆள் கிடைப்பதற்குத்தான் அந்தக் காசு. போலிகள் வருவது இன்ஸ்டாகிராமில் என்பதால் அந்த ஒரு செயலிக்கு மட்டும், அடிமட்டத் திட்டத்தை எடுக்கச் சொன்னேன். நான்கு அறைக்கு மேல்தட்டுத் திட்டங்கள் வீண்.

விண்ணப்பத்தில் சிக்குவது பெயர். பக்கத்தில் ஒரு பெயர், கரண்ட் பில்லில் மாமனார் பெயர் என்றால் சரிபார்ப்பு நிற்கும். தொழில் பெயர் உள்ள ஆவணத்தைத் தயார் செய்துவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டு, செயலியின் செட்டிங்ஸுக்குள் போய் விண்ணப்பியுங்கள். "உங்களுக்கு நீல டிக் தகுதி வந்துள்ளது, இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று மெசேஜில் வருவது பாஸ்வேர்டு திருட்டு.

எல்லாத் தளத்து டிக்குக்கும் ஒரே பொருள் இல்லை. 2022 நவம்பரில் ட்விட்டர், ஆள் யார் என்று சரிபார்க்காமலேயே எட்டு டாலருக்கு டிக் விற்றபோது, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று எழுதிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்து மொத்தமாக அனுப்பும் ஒரு அண்ணனுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய ஆர்டர் எல்லாம் பழகிய கடைக்காரர்களிடமிருந்து போனில் வருகிறது. அவர்கள் கேட்பது வெள்ளியின் தரத்தைச் சொல்லும் டச் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதுதான். அந்தக் காசில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப் கேட்டலாகைப் புதுப்பிக்கலாம்.

எடுப்பவர்கள், விடுவதைப் பற்றியும் முதலிலேயே யோசிக்க வேண்டும். பணம் நின்றால் டிக்கும் போய்விடும். "டிக் பார்த்து வாங்க" என்று ஒரு வருடம் சொல்லிவிட்டு அது காணாமல் போனால், அசல் பக்கமே போலியாகத் தெரியும். அதனால்தான் அக்காவின் பின் செய்த பதிவில் டிக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, வங்கிப் பெயரை மட்டும் எழுதினோம். செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டு போனில் எடுத்திருந்தால் பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பகுதியிலும், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கிலும் போய், அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே நிறுத்த வேண்டும்.