வேடப் பெட்டியில் உள்ள துணியைக் குழந்தை தானே போட்டுக் கழற்ற முடிகிறதா?

நான்கு வயதுக் குழந்தை வேடமிட்டு விளையாட ஒரு பெட்டி தயார் செய்ய நினைக்கும் பெற்றோர், அலமாரியில் ஒதுக்கி வைத்த பழைய துணிகளையும் ஸ்கார்ஃபுகளையும் எடுத்து அப்படியே ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். சில நாள்கள் கழித்துப் பார்த்தால் பெட்டி ஒரு மூலையில் கிடக்கும். அல்லது ஒவ்வொரு துணிக்கும் "போட்டு விடு", "கழற்றி விடு" என்று குழந்தை பெரியவர்களின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரியும் நான், தானாக உடுத்தப் பழக்குவதற்கு இந்தப் பெட்டியைத்தான் பெரிதும் நம்புகிறேன். வெளியே கிளம்பும் அவசரத்தில் பொத்தானைத் தொடவே மறுக்கும் குழந்தை, மருத்துவராகவோ மாலுமியாகவோ ஆகிவிடும் ஆசையில் அதே பொத்தானோடு வெகுநேரம் பொறுமையாக மல்லுக்கட்டும். ஆனால், துணி அந்தக் குழந்தையின் உடலுக்கும் விரலுக்கும் ஏற்ப வெட்டித் தைக்கப்பட்டிருந்தால்தான் இது நடக்கும்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு தாய், தன் நான்கு வயது மகள் பெட்டியைத் தினமும் கவிழ்த்துத் துணிகளை வாரி இறைப்பதாகவும், எதையும் உடுத்துவதில்லை என்றும் வருத்தப்பட்டார். பெட்டியை அப்படியே கொண்டுவரச் சொன்னேன். முழங்கை வரை கைவிட்டுத் துழாவும் அளவுக்கு ஆழமான பெட்டி. அதில் ஏறக்குறைய நாற்பது துணிகள். எல்லாமே பெரியவர்கள் அணிந்தவை. சிறுமி ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்தாள், கையை நுழைத்தாள், விரல்கள் வெளியே வரவேயில்லை. அடுத்து ஒரு நீளப் பாவாடையை மாட்டி ஓரடி எடுத்து வைத்ததும் விளிம்பை மிதித்துத் தடுமாறினாள். மூன்றாவதாக எடுத்த வழுவழுப்பான ஸ்கார்ஃப் தோளில் நிற்காமல் நழுவியது. அதன் பிறகுதான் அவள் துணிகளை வீசத் தொடங்கினாள். அவளுக்கு விளையாட்டில் ஆர்வம் இருந்தது. விளையாட்டு தொடங்குவதற்கு முன்பே துணி அவளைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

முதலில் நாற்பதை ஒன்பதாகக் குறைத்தோம். எல்லாத் துணிகளும் ஒரே பார்வையில் தெரியும்படி, அவள் முழங்கால் உயரத்துக்கு மேற்படாத, மூடியில்லாத ஒரு கூடையில் அவற்றை வைத்தோம். மூடி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கனமான மூடி தலையிலோ கழுத்திலோ விழக்கூடும். குழந்தை உள்ளே ஒளிந்துகொண்டால் மூடிய பெட்டியில் காற்று போதாது.

அடுத்து சட்டை. பெரியவர்களின் முழுக்கைச் சட்டையை வெட்டித் தைப்பதைவிட, எட்டு முதல் பத்து வயதுள்ள குழந்தை அணிந்து கழித்த அரைக்கைச் சட்டையை எடுப்பது நல்லது. அதன் கை, நான்கு வயதுக் குழந்தைக்கு முன்கையின் பாதி வரை வரும். தோள்பட்டை அதிகம் நழுவாது. மற்ற ஆடைக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அளவுக்கு இடமும் இருக்கும். பெரியவர்களின் சட்டைதான் கிடைக்கிறது என்றால் அதிலும் அரைக்கையையே தேர்ந்தெடுத்து, தோளில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்துவிடுங்கள்.

பொத்தான் விஷயத்தில்தான் பலரும் கவனம் செலுத்துவதில்லை. சட்டைகளில் இருக்கும் வழக்கமான பொத்தான் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பழகத் தொடங்கும் விரல்களுக்கு அது மிகவும் சிறியது. அந்தச் சிறுமியின் சட்டையில் கழுத்துப் பொத்தானை முதலில் நீக்கினோம், ஏனென்றால் தாடைக்குக் கீழே இருப்பதைக் குழந்தையால் பார்க்க முடியாது. பார்க்காமல் விரல் உணர்வை மட்டும் நம்பிப் பொத்தான் போடுவது இந்த வயதுக்கு மிகக் கடினம். மார்புக்குக் கீழே, குனிந்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மூன்று பொத்தான்களை மட்டும் வைத்தோம். அவை 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பொத்தான்கள். துளையின் நீளம் பொத்தானின் அகலத்தோடு அதன் தடிமனையும் சேர்த்த அளவு இருக்க வேண்டும் என்பதால், 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு இடம்விட்டு 2.8 சென்டிமீட்டராகத் துளையைப் பெரிதாக்கி ஓரத்தைத் தைத்தோம். பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்காமல், நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துவிட்டுக் குச்சியை உருவி, அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி முடிச்சிட்டால், பொத்தான் சற்று உயர்ந்து நிற்கும். குழந்தையின் இரு விரல்களுக்குப் பிடி கிடைக்கும்.

கற்றுத்தரும்போது கழற்றுவதில் இருந்து தொடங்குங்கள். பொத்தானைத் துளையிலிருந்து வெளியே தள்ளுவது, அதை உள்ளே நுழைப்பதைவிட எளிது. போடும்போது கீழ்ப் பொத்தானிலிருந்து மேலே செல்வது நல்லது. இரு விளிம்புகளும் கண்ணெதிரே ஒன்றுசேர்வதால் ஏறுமாறாகப் போகும் வாய்ப்பு குறையும். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுத்து, மறுபக்கம் இழுத்து முடிக்கும் கடைசி அசைவை மட்டும் குழந்தைக்கு விட்டுவிடுங்கள். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய அசைவையும் விட்டுக்கொடுக்கலாம். முடிக்கும் வேலை எப்போதும் குழந்தையுடையதாகவே இருப்பதால், அது பாதியில் கைவிடுவது அரிது.

பாவாடையின் விளிம்பு கெண்டைக்காலின் நடுவில் நிற்க வேண்டும். இடுப்பில் கயிறு இருந்தால் உருவிவிட்டு, 2 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்கைக் குழந்தையின் இடுப்பைச் சுற்றி அளந்து, இறுக்கமில்லாமல் அதே அளவில் கோர்த்துத் தையுங்கள். முன்பக்கம் எது என்று தெரிய, உட்புறத்தில் ஒரு நிறத் துணித்துண்டைத் தைத்துவிட்டால் போதும்.

இனி ஸ்கார்ஃப். பெட்டியில் குழந்தை அதிகம் எடுக்கும் பொருளும் இதுதான். அதிக ஆபத்தானதும் இதுதான். குழந்தைகளின் ஆடைக்கான ஐரோப்பியத் தரநிலை, 7 வயதுக்குட்பட்டவர்களின் ஆடைகளில் தலை, கழுத்துப் பகுதிகளில் இழுகயிறு இருக்கவே கூடாது என்கிறது. கடையில் வாங்கும் ஆடைக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, இரண்டு மீட்டர் நீளமுள்ள ஸ்கார்ஃபைக் குழந்தையின் கழுத்தில் முடிச்சிட்டு "பறந்து வா" என்று அனுப்புவதை நாம் ஏற்கவே கூடாது. அதன் நுனி கதவுப் பிடியிலோ சறுக்குமரத்திலோ மிதிவண்டிச் சக்கரத்திலோ சிக்கினால், குழந்தையின் எடையும் வேகமும் சேர்ந்து முடிச்சை இறுக்கும். இறுகிய முடிச்சை நான்கு வயதுக் குழந்தையால் அவிழ்க்க முடியாது. கழுத்து நெரிபடும்போது கூப்பிடவும் முடியாது.

அந்தத் தாய் கொண்டுவந்த ஸ்கார்ஃப் 180 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதைக் குறுக்கே வெட்டினால் 60 சென்டிமீட்டர் சதுரங்கள் மூன்று கிடைக்கும். முதல் சதுரத்தை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டோம். அது தலையில் போர்த்திக்கொள்ளவும், பொம்மையைச் சுற்றவும், தரையில் விரித்து நதியாக்கவும் உதவும். இரண்டாவதன் ஒரு விளிம்பில் எலாஸ்டிக் கோர்த்து இடுப்புத் துணியாக்கினோம். மூன்றாவது, தோளில் தொங்கும் போர்வை. இதற்குக் கழுத்தைச் சுற்றி எதையும் கட்டவில்லை. ஒரு பழைய கையில்லா மேல்சட்டையின் இரு தோள்களிலும் 2 சென்டிமீட்டர் வெல்க்ரோத் துண்டு ஒவ்வொன்றைத் தைத்து, அவற்றுக்கு நேராகப் போர்வையின் இரு மூலைகளிலும் மறுபாதியைத் தைத்தோம். பின்னாலிருந்து இழுத்தால் போர்வை மட்டும் கழன்று வந்துவிடும். இதை நீங்களே சோதிக்கலாம்: குழந்தை அணிந்து நிற்கும்போது போர்வையின் கீழ் நுனியை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். குழந்தையின் உடல் பின்னால் சாய்வதற்கு முன்பே வெல்க்ரோ பிரிந்தாக வேண்டும். உடல் சாய்ந்தால் வெல்க்ரோத் துண்டைப் பாதியாக வெட்டிக் குறையுங்கள்.

மெல்லிய துணிகளை வெட்டினால் ஓரம் பிரியும். இரண்டு முறை மடித்துத் தைத்துவிடுங்கள். தொங்கும் நூலிழைகள் விரலில் சுற்றி இறுக்கும். எளிதில் பறக்கும் துணி நெருப்பிடமும் எளிதில் போய்ச்சேரும் என்பதால், அடுப்பு எரியும்போது வேடத் துணியோடு சமையலறைக்குள் நுழையக் கூடாது. நான் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஒரே விதி இது: பெட்டித் துணிகள் விளையாடும் அறையைத் தாண்டுவதில்லை. அடுப்பு, மாடிப்படி, ஊஞ்சல், மிதிவண்டி என்று தனித்தனியாகத் தடை போட்டால் குழந்தைக்கு நினைவிருக்காது. "அறையைவிட்டுப் போகும்போது கழற்றிவிடு" என்ற ஒன்று நினைவில் நிற்கும். தானே கழற்றக்கூடிய துணியாக இருந்தால்தான் இந்த விதியும் செல்லும்.

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. நான் மேலே சொன்ன 2.5 சென்டிமீட்டர் பொத்தான் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடிய அளவுதான். அப்படிப்பட்ட வீடுகளில் பொத்தானை விட்டுவிட்டு வெல்க்ரோவை மட்டும் பயன்படுத்துங்கள். பொத்தான் பயிற்சியைச் சின்னக் குழந்தை தூங்கும் நேரத்தில், நீங்கள் அருகிலிருந்து நடத்தலாம். மணிகள், ஜிகினாக்கள், உலோகக் கொக்கிகள் எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள்.

சில குழந்தைகள் துணியை ஆசையாக எடுத்து, போட்ட மறுகணமே பிடுங்கி எறிவார்கள், காலரைச் சொறிவார்கள், தோளை நெளிப்பார்கள். இதை அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தில் உரசும் லேபிள், உட்பக்கம் குத்தும் லேஸ், ஜரிகை ஆகியவற்றை முதலில் பாருங்கள். லேபிளைத் தையலோடு பிரித்தெடுங்கள். கத்தரித்தால் எஞ்சும் முனை இன்னும் அதிகமாகக் குத்தும். அதற்குப் பிறகும் பருத்தித் துணியைக்கூட உடலில் தாங்க முடியாமல், அன்றாட உடைகளிலும் இதே சிரமம் தொடர்ந்தால் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுவது பயன்தரும்.

ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் பொத்தானை அழுத்தி இழுத்துப் பாருங்கள். நூல் தளர்ந்திருந்தால் மறுபடி தைக்கும் வரை துணி பெட்டிக்குத் திரும்பக் கூடாது. வெல்க்ரோவில் சேரும் பஞ்சைப் பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுக்கலாம். பெரிய பொத்தானைக் குழந்தை பேசிக்கொண்டே போட்டுவிடும் நிலை வந்ததும், மூன்றில் ஒன்றை மட்டும் 2 சென்டிமீட்டர் பொத்தானாக மாற்றி, துளையையும் அதற்கேற்பச் சிறிதாக்கித் தைத்து வையுங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கட்டும்.