குணமாக்கும் என்று எழுதாமலும் ஒரு முக ஜெல்லை விற்கலாம்

ஹட்டன் டவுனில் பாமசி நடத்துகிறேன். மருந்து எடுக்க வருகிறவர்களை விட, போனில் ஒரு படத்தைக் காட்டி "அக்கா, இது நல்லதா?" என்று கேட்க வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். படம் பெரும்பாலும் யாரோ வீட்டில் செய்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விற்கிற கிறீமாகவோ ஜெல்லாகவோ இருக்கும். போன மாதம் வந்தவர் வாங்குகிறவர் இல்லை, செய்கிறவர். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கொழுந்து விலையையும் சம்பளத்தையும் நம்பி இருக்க முடியாதென்று அழகுக்கலைப் பாடநெறி ஒன்று முடித்துவிட்டு, தேயிலைச் சாறு கலந்த முக ஜெல் செய்து விற்கிறார். ஒரு வாடிக்கையாளருக்குக் கன்னம் சிவந்து எரிந்ததாம். பயந்துபோய் வந்திருந்தார்.

போட்டிருந்த விளம்பர வாசகம் இது: "7 நாளில் பருக்கள் குணமாகும்! 100% உத்தரவாதம். 4% நயாசினமைட். இரசாயனம் அற்றது. எல்லா வகைத் தோலுக்கும். டொக்டர் அங்கீகரித்தது."

யார் அந்த டொக்டர் என்று கேட்டேன். சொந்தத்தில் ஒரு டொக்டர் அண்ணா, வட்ஸ்அப்பில் போத்தலின் படத்தைப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றாராம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது" என்று எழுத வேண்டுமென்றால், விற்கிற அதே கலவையை ஆட்களின் தோலில் பூசிப் பார்த்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். ஒவ்வாமைக்கான வழக்கமான சோதனை ஒன்றில், ஏறத்தாழ மூன்று வாரம் கலவை தடவிய சிறு ஒட்டுத்துண்டைத் தோலில் திரும்பத் திரும்ப ஒட்டி, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, பிறகு மறுபடி ஒட்டிப் பார்ப்பார்கள். எத்தனை பேரில் பார்த்தார்கள், என்ன கலவை, யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கும். பிறகு கலவையை மாற்றினால் அந்த அறிக்கை புதிய கலவைக்குச் செல்லாது. அவரிடமும் ஒரு தாள் இருந்தது. ஆனால் அது நயாசினமைட் என்ற வைட்டமின் B3 வகைப் பொருளை விற்றவர் கொடுத்த தாள், மூலப்பொருளைப் பற்றியது. மூலப்பொருளுக்கு ஆய்வு இருப்பதால் நம் போத்தலுக்கும் அது இருக்கிறதென்று காட்டுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற பிழை. பலர் தெரிந்து செய்வதில்லை.

அப்புறம் கணக்கு. அவருடைய செய்முறை இப்படி: கடையில் வாங்கிய ஜெல் தளம் 500 கிராம், நயாசினமைட் 20 கிராம், தேயிலைத் திரவச் சாறு 10 கிராம், கடைசியில் வாசனைக்குக் கறுவா இலை எண்ணெய் அரைக் கிராம் அளவில். 500இல் 20 என்றால் 4% என்று போட்டுவிட்டார். ஆனால் சதவீதம் போத்தலுக்குள் போகிற மொத்த எடைக்கு. மொத்தம் 530.5 கிராம், அதில் 20 என்றால் 3.8% கூட இல்லை. மற்றவை அப்படியே இருக்க, கறுவா எண்ணெயை விட்டுவிட்டு 21.25 கிராம் போட்டால் மொத்தம் 531.25. அப்போதுதான் சரியாக 4%.

தேயிலைச் சாறு இன்னும் சுவாரசியம். அந்தத் திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் நீரும். விற்றவரின் தாளின்படி இலையிலிருந்து வந்த பொருள் அதில் 5% மட்டும். ஆக 10 கிராமில் அரைக் கிராம், முழு ஜெல்லில் சுமார் 0.1%. போத்தலின் முன்பக்கம் முழுவதும் கொழுந்துப் படம்! படத்தை எடுக்கச் சொல்லவில்லை, எங்கள் ஊர் அடையாளம் அது. ஆனால் பொருட்களின் பட்டியலில் தேயிலையை முதலில் எழுதக் கூடாது. பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வர வேண்டும். 1 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். வாங்கிய தளத்துக்குள் இருப்பவையும் பட்டியலில் வர வேண்டும். அவர் அதை ஒரே சொல்லில் "ஜெல்" என்று முடித்திருந்தார். தளத்தின் டின்னைத் திருப்பிப் பார்த்தால் ஃபீனொக்சியெத்தனோல் இருந்தது. அது கெட்டுப்போகாமல் காக்கிற பொருள், இருக்க வேண்டியதுதான். ஆனால் "இரசாயனம் அற்றது" என்ற வரி அங்கேயே செத்துவிட்டது.

கன்னம் சிவந்ததற்கு எனக்குச் சந்தேகம் கறுவா எண்ணெயில்தான். நம் நாட்டுக் கறுவா இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினோல், பலருக்கு ஒவ்வாமை தருகிற வாசனைப் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவாமல் விடுகிற பூச்சில் இது 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயரை எழுதியாக வேண்டும். இவருடைய ஜெல்லில் அதைப்போல பல பத்து மடங்கு இருந்தது. "இயற்கைதானே அக்கா" என்றார். காஞ்சொறியும் இயற்கைதான். கறுவாவை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்ததில் இன்னொரு வசதியும் கிடைத்தது: "எண்ணெய் சேர்க்கவில்லை" என்று இனி உண்மையாகவே எழுதலாம்.

எந்த வகைத் தோலுக்கு என்பதைப் போத்தலுக்குள் இருப்பதிலிருந்துதான் சொல்ல வேண்டும், ஆசையிலிருந்து அல்ல. எண்ணெய் இல்லாத ஜெல் என்பதால் எண்ணெய்ப் பசையான தோலுக்கும் கலப்புத் தோலுக்கும் ஏற்றதென்று காரணத்தோடு சொல்லலாம். வறண்ட தோலுக்கு, அதுவும் நுவரெலியா ஜனவரிக் குளிரில், இது மட்டும் போதாது. மென்மையான, சீக்கிரம் எரிகிற தோலுக்கு ஏற்றதென்று சொல்ல அவரிடம் ஆதாரமே இல்லை, அதனால் எழுதவில்லை.

"குணமாகும்" என்ற சொல் வேறு வகை ஆபத்து. பரு ஒரு தோல் நோய். அதைக் குணப்படுத்தும் என்றால் நீங்கள் விற்பது அழகுப் பொருள் இல்லை, மருந்து என்று நீங்களே சொல்கிறீர்கள். மருந்து என்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் வந்து நிற்கும். வாங்குகிறவரை ஏமாற்றுகிற விளம்பரத்துக்கு 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் தனியாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் "என் பரு மூன்று நாளில் போச்சு" என்று எழுதியதை எடுத்து நம் பக்கத்தில் போட்டால், அதுவும் நம் வாக்குறுதிதான். முன், பின் படங்களும் அப்படியே.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியது இது:

"நயாசினமைட் 4%, தேயிலை இலைச் சாறு சேர்ந்த முக ஜெல், 50 கிராம். உள்ளே: நீர், கிளிசரின், நயாசினமைட், ஃபீனொக்சியெத்தனோல், கார்போமர், தேயிலை இலைச் சாறு, சோடியம் ஹைட்ரொக்சைட். தோலுக்கு ஈரப்பதம் தரும். எண்ணெயோ வாசனையோ சேர்க்கவில்லை. எண்ணெய்ப் பசையான தோல், கலப்புத் தோலுக்கு. வறண்ட தோல் உள்ளவர்கள் மேலே ஒரு கிறீமும் பூசுங்கள். முதலில் முழங்கையின் உட்பக்கம் பூசி இரண்டு நாள் பாருங்கள். எரிந்தால், சிவந்தால் நிறுத்துங்கள். இது மருந்து அல்ல."

கையில் பூசிப் பார்ப்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை, சில ஒவ்வாமை அதற்குப் பிறகும் வரும். எனவே அந்தக் கடைசி இரண்டு வரிகளும் இருக்கட்டும் என்றேன். பட்டியலின் சர்வதேசப் பெயர்கள் லேபலில் ஆங்கிலத்திலும் இருக்கும்.

போட்ட அன்று லைக் குறைவு என்று குறைப்பட்டார். மறுநாள் ஒருவர் "பரு போகுமா?" என்று கேட்டிருந்தார். "தெரியாது அக்கா, பரு அதிகம் என்றால் டொக்டரிடம் காட்டுங்க" என்று பதில் போட்டதை எனக்கு அனுப்பியிருந்தார். அந்த அக்கா ஒன்று வாங்கினாராம். கறுவா கலந்த பழைய போத்தல்கள் பதினொன்று இன்னும் வீட்டில் இருக்கின்றன. லேபலை மட்டும் மாற்றி விற்கலாமா என்று கேட்டார். வேண்டாம், கொட்டிவிடு தங்கச்சி என்றேன். இன்னும் கொட்டவில்லை போலிருக்கிறது.