முறைமாற்றிக் கற்பித்தல்: ‘பியர் டியூட்டரிங்’, ‘ரெசிப்ரோகல் டீச்சிங்’ சொல் விளக்கம்

உயர் தொடக்க வகுப்புகளில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைப் பற்றிப் பேசும்போது ‘பியர் டியூட்டரிங்’, ‘ரெசிப்ரோகல் டீச்சிங்’ என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்தே வரும். தமிழில் இரண்டையும் ‘சக மாணவர் கற்பித்தல்’ என்றே எழுதிவிடுகிறோம். வகுப்பில் என்ன ஆகிறது? நன்றாக வாசிக்கும் பிள்ளை தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்கிறது, மற்றது எழுதிக்கொள்கிறது. இரண்டு பெயர்களில் எதுவும் இதைக் குறிப்பதில்லை. அவற்றின் வேரைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

‘பியர்’ என்பதற்கு வேர் ‘சமம்’ என்று பொருள்படும் ‘பார்’ என்ற இலத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டியூட்டர்’ என்றால் இலத்தீனில் காவலர், பொறுப்பாளர். பாடம் சொல்பவர் என்ற பொருள் பிறகு சேர்ந்தது. ஆக ‘பியர் டியூட்டர்’ என்பவர் சமநிலையில் இருந்துகொண்டே இன்னொருவரின் படிப்பைக் கவனித்துக்கொள்பவர். ‘ரெசிப்ரோகல்’ இன்னும் சுவையானது. ‘ரெசிப்ரோகஸ்’ என்ற இலத்தீன் சொல் போன வழியே திரும்பி வருவதைக் குறிக்கும். கடல் ஏறி வற்றுவதற்கும் அதையே சொன்னார்கள். ஒரு திசையில் மட்டும் போகிற எதையும் அந்தச் சொல்லால் அழைக்க முடியாது.

பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மூத்த சிறுவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். அதைப் பற்றி 1797இல் அவர் நூல் வெளியிட்டார். பிரிட்டனில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. ஆனால் சட்டாம்பிள்ளை சமமானவர் அல்ல. அவர் ஆசிரியரின் கை. பாடம் ஒப்பிக்கவைப்பார், பிழை பிடிப்பார், முறை மாறாது. ‘பியர்’ என்பதைத் தமிழில் சொல்லும்போது இந்தப் பழைய நினைவு உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு மேலே வைத்துவிடுகிறோம்.

‘பியர்’ என்பதற்கு நெருங்கிய தமிழ் நன்னூலில் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கினாலும் கால் பங்குதான் சேரும் என்கிறார் பவணந்தியார். ‘அவ்வினையாளரொடு’ பயில்வதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரை. அவ்வினையாளர் என்றால் அதே வேலையில் இருப்பவர், அதாவது கூடப் படிப்பவர். இன்றைய எழுத்தில் அது கொஞ்சம் கனமாக ஒலிக்கும் என்பதால் நான் ‘உடன்பயில்வோர்’ என்கிறேன். ‘சகபாடி’யும் நல்ல சொல், கூடப் படிப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். எனவே பியர் டியூட்டரிங் என்பது ‘உடன்பயில்வோர் கற்பித்தல்’.

இது ஒரு பொதுப்பெயர். கணக்குக்கும் பொருந்தும், எழுத்துப் பிழைக்கும் பொருந்தும். ரெசிப்ரோகல் டீச்சிங் அப்படியல்ல. அது வாசித்துப் புரிந்துகொள்வதற்கென்றே உருவான ஒரு குறிப்பிட்ட நடைமுறை. அமெரிக்க ஆய்வாளர்கள் அன்மேரி பாலின்க்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை. எழுத்துக்கூட்டி வாசிப்பதில் அவர்களுக்குக் குறை இல்லை. வாசித்தது என்ன என்று கேட்டால்தான் நின்றுவிடுவார்கள். ஒரு பத்தியை வாசித்ததும் நான்கு வேலைகள்: சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுகிறார். பிறகு ஒரு பிள்ளை ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து அந்தப் பத்தியின் உரையாடலை நடத்துகிறது. அடுத்த பத்திக்கு அடுத்த பிள்ளை.

இதைப் ‘பரஸ்பரக் கற்பித்தல்’ என்பதும் உண்டு. தவறில்லை, ஆனால் ‘பரஸ்பரம்’ ஒருவருக்கொருவர் உதவி என்ற அளவில் நின்றுவிடுகிறது. இங்கே நடப்பது இருக்கை மாறுவது. ‘இப்போ என் முறை’ என்று பிள்ளைகளே சொல்லும் அந்த ‘முறை’தான் பொருத்தம். அதனால் ‘முறைமாற்றிக் கற்பித்தல்’.

சரி, ஒரு பத்தியில் இது எப்படி நடக்கும்? நான்கு பிள்ளைகள் கொண்ட குழு இதை வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“வௌவால் இருட்டில் பறக்கும்போது மிக உயர்ந்த ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலி எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கொண்டு பொருளின் தொலைவை வௌவால் அறிகிறது. இந்த ஒலி மனிதக் காதுக்குக் கேட்பதில்லை.”

நடத்தும் பிள்ளை முதலில் சுருக்குகிறாள்: “இது வௌவாலைப் பற்றியது.” இது தலைப்பு, சுருக்கம் அல்ல. இன்னொருவன் நான்கு வாக்கியங்களையும் திருப்பிச் சொல்கிறான். அதுவும் சுருக்கம் அல்ல. இங்கே ஆசிரியர் “வௌவால் என்ன செய்கிறது, எதற்காக? ஒரே வாக்கியத்தில் சொல்” என்று மட்டும் கேட்கலாம். “வௌவால் ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைத் தெரிந்துகொள்கிறது” என்பது வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாட்களில் இதற்கே பாதி நேரம் போய்விடும்.

அடுத்து கேள்வி. ஆரம்பத்தில் பிள்ளைகள் கேட்பது “இந்த ஒலி யாருக்குக் கேட்பதில்லை?” என்ற வகைதான். வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘யார்’, ‘எது’ என்று போட்டால் போதும், புரியாமலே கேட்டுவிடலாம். “ஒலி சீக்கிரம் திரும்பி வந்தால் வௌவாலுக்கு என்ன தெரியும்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், அது மூன்றாவது வாக்கியத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. கேள்வியின் தரம் மாறுவதுதான் முன்னேற்றத்துக்கு முதல் அடையாளம், விடையின் தரம் அதன் பின்னால் வரும்.

மூன்றாவது, தெளிவுபடுத்துவது. எனக்கு இந்த நடைமுறையின் உயிரே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. “புரியாதது ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் நால்வரும் “இல்லை” என்பார்கள். எல்லாச் சொற்களும் தெரிந்த சொற்கள்தானே. ஆனால் பத்திக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. ‘உயர்ந்த ஒலி’யைப் பிள்ளைகள் ‘சத்தமான ஒலி’ என்று எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு சத்தமானது நம் காதுக்கு ஏன் கேட்பதில்லை? முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் முட்டுகின்றன. புரிதல் குறைவான வாசகர் இந்த முட்டலைக் கவனிக்காமலே தாண்டிப் போவார். யாரும் கவனிக்கவில்லை என்றால் ஆசிரியர் விளக்கம் சொல்லக் கூடாது, “முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்து வாசியுங்கள், ஒத்துப்போகிறதா?” என்று கேட்டால் போதும். ‘உயர்ந்த’ என்பது சத்தத்தின் அளவைச் சொல்லவில்லை, ஒலியின் கூர்மையைச் சொல்கிறது, மனிதக் காதின் எல்லைக்கு மேலே போய்விட்ட சுருதி அது என்று குழு தானே வந்து சேரலாம். சேராவிட்டால் அகராதி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்.

ஊகித்தல் விரைவாக முடிந்துவிடும். “அடுத்த பத்தியில் பூச்சியைப் பிடிப்பது பற்றி வரலாம்” என்றால், “எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்டுவிட்டு நகர வேண்டியதுதான். ஊகம் சரியா என்பது முக்கியமில்லை, பத்தியிலிருந்து கிளம்பியதா என்பதுதான் முக்கியம்.

இது எங்கே கெடுகிறது? பல வகுப்புகளில் நான்கு அட்டைகள் செய்து ‘சுருக்குபவர்’, ‘கேட்பவர்’, ‘தெளிவுபடுத்துபவர்’, ‘ஊகிப்பவர்’ என்று ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். முதல் சில நாட்களுக்கு அது உதவும். அதுவே நிலைத்துவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டைக்கு உரிய வரியைச் சொல்லிவிட்டு மற்ற மூன்று பேர் பேசும்போது சும்மா இருக்கும். நான்கு வேலைகளும் ஒரே மண்டைக்குள் நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகவே ஒரு பத்திக்கு ஒருவர் முழுவதையும் நடத்துவதே மூல வடிவம். கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: தொடர்ந்து சில நாள் ‘தெளிவுபடுத்த எதுவும் இல்லை’ என்று குழு சொன்னால், பத்தி மிக எளிது, அல்லது உரையாடல் சடங்காகிவிட்டது. ஆசிரியர் சீக்கிரம் விலகிவிடுவது இன்னொரு தவறு. மூல ஆய்வில் சுமார் 20 நாட்கள், தினமும் அரை மணி நேரம் போல இது நடந்தது, ஆசிரியர் படிப்படியாகத்தான் பின்வாங்கினார்.

எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைக்கு இந்த உரையாடல் உதவாது. பத்தியை வாசித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது இணைவாசிப்பு, அதாவது உடன்பயில்வோர் கற்பித்தலின் ஒரு வடிவம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஃபக்ஸும் லின் ஃபக்ஸும் உருவாக்கிய முறையில் வாசிப்புத் திறன்படி வகுப்பை வரிசைப்படுத்தி நடுவில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 30 பேர் என்றால் முதலாம் இடத்துப் பிள்ளைக்கு இணை 16ஆவது, இரண்டாம் இடத்துக்கு 17ஆவது, 15ஆவதுக்கு 30ஆவது. முதலாமவரும் முப்பதாமவரும் சேர்வதே இல்லை. அவ்வளவு தூரம் இருந்தால் சட்டாம்பிள்ளைதான் பிறப்பார். நன்றாக வாசிப்பவர் 5 நிமிடம் வாசிக்கிறார், அதே பகுதியை மற்றவர் திரும்ப வாசிக்கிறார். பிறகு பத்தியின் கருத்தைப் 10 சொற்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்பவரும் சரிபார்ப்பவரும் இங்கேயும் இடம் மாறுகிறார்கள்.

பலன் எவ்வளவு என்று கேட்டால் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ரோசன்ஷைனும் மீஸ்டரும் 1994இல் முறைமாற்றிக் கற்பித்தல் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்த முறையில் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னே இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் எண் ‘விளைவின் அளவு’. ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் அதன் நடுமதிப்பு 0.88. பொதுத் தரப்படுத்தப்பட்ட தேர்வுகளில் 0.32. முதலாவது பெரிய மாற்றம், இரண்டாவது மிதமானது. ஆய்வாளர் தேர்வுகள் பெரும்பாலும் சுருக்கிச் சொல்லவோ பத்தியிலிருந்து விடை எழுதவோ கேட்டவை, பயிற்சியில் செய்ததற்கு நெருக்கமானவை. எனவே வகுப்பில் சோதிக்க விரும்பும் ஆசிரியர் குழுவில் பேசிய பத்தியையே கேட்கக் கூடாது. பிள்ளைகள் பார்த்திராத, அதே அளவு கடினமான ஒரு பகுதியைத் தனியாக வாசிக்கச் சொல்லி, கேள்விகளில் பாதியாவது வரியைப் பார்த்து எழுத முடியாதவையாக வைக்க வேண்டும். தொடங்கும் முன் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை.