ரெஸ்யூம்ல 'செயலாளர்'னு போட்டிருக்கீங்க, சரி, உங்க கையில என்ன இருந்துச்சு?

பிப்ரவரி, மார்ச் வந்துட்டா எங்களுக்கு பிரெஷர்ஸ் இன்டர்வியூ சீசன். நான் காரைக்குடில ஒரு தனியார் நிறுவனத்துல எச்ஆர், கிளைகளுக்கு கவுன்ட்டர், கணக்கு, கஸ்டமர் சர்வீஸ்னு ஆள் எடுக்குறது என் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து காலேஜ் பிள்ளைங்கதான் நிறைய வருவாங்க. ரெஸ்யூம்ல கடைசில ஒரு வரி இருக்கும், என்எஸ்எஸ் மாணவர் தலைவர், ஒய்ஆர்சி செயலாளர், ரோட்டராக்ட் பொருளாளர்னு. அதுக்குக் கீழ தலைமைப் பண்பு, டீம் ஒர்க்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். அந்த வரிய படிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நிஜமா.

சர்ட்டிபிகேட் இருக்கேன்னு பைலை நீட்டுவாங்க. என்எஸ்எஸ்ல ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், கூடவே ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம் முடிச்ச எல்லாருக்கும் சர்ட்டிபிகேட் வரும். வரிசைல நின்னு மரக்கன்னு நட்டவருக்கும், அம்பது பேருக்கு ஏழு நாள் சாப்பாட்டுச் செலவ பாத்தவருக்கும் ஒரே சர்ட்டிபிகேட்தான். நீங்க வந்தீங்கன்னுதான் அது சொல்லும், உங்கள நம்பி யாரு எதை விட்டாங்கன்னு அதுல இருக்காது. எனக்கு வேண்டியது ரெண்டாவதுதான், ஏன்னா முதல் மாசமே உங்க கையில கவுன்ட்டர் பணமும் கஸ்டமரோட ஆதார் ஜெராக்ஸும் வரப்போகுது.

போன சீசன்ல வந்த ஒரு பி.காம் பொண்ணு கதைய சொல்றேன், அதுலயே எல்லாம் இருக்கு. ரெஸ்யூம்ல 'ஒய்ஆர்சி மாணவச் செயலாளர், ரத்ததான முகாம் நடத்தினேன்'னு ஒரே வரி. எங்க நிறுவனத்துல கடைசி ரவுண்டுக்கு முதலாளி ஆச்சியும் வந்து உக்காருவாங்க. ஆச்சிக்கு இந்த இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் பிடிக்காது. கண்ணாடிய கழட்டி வச்சுட்டு, "முகாம் நடத்துனேங்குற, சரி ஆத்தா, அன்னைக்கு நீ வராம போயிருந்தா எது நின்னிருக்கும்?"னு கேட்டாங்க.

அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சுச்சு. அப்புறம், "ஆச்சி, ரத்தம் எடுக்குறது நின்னிருக்காது, அது டாக்டர், நர்ஸ் பாத்துக்குவாங்க. ஆனா வரிசை நகராம நின்னிருக்கும்"னு சொல்லுச்சு. நான் நிமிர்ந்து உக்காந்துட்டேன். தன் வேலை எதுவரைக்கும்னு தெரிஞ்சு பேசுறவங்க ரொம்ப கம்மி, முக்காவாசிப் பேரு டாக்டர் வேலையையும் சேத்து தான் பண்ணதா சொல்லிடுவாங்க.

அப்புறம் நான் ஒண்ணொண்ணா கேக்க கேக்க வந்ததுதான் விஷயம். ரெண்டாம் வருஷத்துல முதல் முகாம். எல்லாரையும் காலைல ஒன்பது மணிக்கே வரச் சொல்லிட்டாங்க. ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி எடை, பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் பாக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். அந்த ஹீமோகுளோபின் டேபிள்ல ஒரே ஒருத்தர், அவருக்கு முன்னாடி அத்தனை பேரும் நிக்கிறாங்க, உள்ள கட்டில் காலியா கெடக்கு. இதுல ஹாஸ்டல் பிள்ளைங்க பல பேரு டிபன் சாப்பிடாமலே வந்துட்டாங்க, வெறும் வயித்தோட எடுக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு பேருக்கு நின்னுக்கிட்டே தலை சுத்திருச்சு. மத்தியானத்துக்குள்ள பாதிப்பேரு கிளாசுக்குப் போயிட்டாங்க.

அடுத்த வருஷம் இந்தப் பொண்ணு செயலாளர். டிபார்ட்மென்ட் வாரியா அரை மணிக்கு பதினஞ்சு பேருன்னு நேரம் பிரிச்சுச்சு. பிளட் பேங்குக்கு முன்கூட்டியே போன் போட்டு, பேரு கொடுத்தவங்க 94, ஹீமோகுளோபின் பாக்க ரெண்டு பேரு வேணும்னு கேட்டு வாங்கிச்சு. ஹாஸ்டல் வார்டன்கிட்ட போயி அன்னைக்கு மட்டும் மெஸ்ஸ ஏழு மணிக்கே திறக்க வச்சுச்சு. பேரு கொடுத்த 94 பேர்ல வந்தது 71, தகுதி இல்லாம திரும்புனது 18, ரத்தம் கொடுத்தது 53. பிஸ்கட், ஜூஸ், வாழைப்பழத்துக்கு காலேஜ் கொடுத்தது 6,000, செலவு 5,240, மீதி 760 ரூபாய பில்லோட ஆபீஸ்ல கட்டி ரசீது வாங்கியிருக்கு.

ஆச்சி அந்த 760-ல நின்னுட்டாங்க. அவங்க மாமனார் வீட்டுல ரங்கூன்ல கடை வச்சிருந்தவங்க, அந்தக் காலத்து செட்டியார் கடையில பெட்டியடிப் பையனா சேந்து, கணக்கு கத்து, அடுத்தாள் ஆகி, அப்புறம்தான் மேலாள். முதல்ல பாக்குறது பணப்பெட்டிய நம்பி விடலாமான்னுதான். ஆச்சி இன்னைக்கும் அதே ஆளுதான், ரசீதைக் காட்டச் சொன்னாங்க, போட்டோ இருந்துச்சு, காட்டுச்சு.

இப்ப பாருங்க, இவ்வளவும் அந்த ரெஸ்யூம்ல எங்கயுமே இல்ல. ஆச்சி மட்டும் அந்தக் கேள்விய கேக்கலேன்னா நானே அந்த வரிய தாண்டிப் போயிருப்பேன். செயலாளர் வரிக்கு பதிலா என்ன எழுதியிருக்கணும்னு அன்னைக்கே அந்தப் பொண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன், ரெஸ்யூம்ல இங்கிலீஷ்ல போட்டுக்கங்க, விஷயம் இதுதான்:

'கல்லூரி ரத்ததான முகாமில் நேர ஒதுக்கீடும் பதிவும் என் பொறுப்பு. 71 பேர் வந்தனர், 53 பேர் ரத்தம் கொடுத்தனர். முந்தைய ஆண்டு ஹீமோகுளோபின் பரிசோதனையில் ஏற்பட்ட நெரிசலை, அரை மணிக்கு 15 பேர் என நேரம் பிரித்துச் சரிசெய்தேன். ரூ.6,000 முன்பணத்துக்கு பில்லுடன் கணக்கு ஒப்படைத்தேன்.'

இதுல தலைமைப் பண்புங்குற வார்த்தையே கிடையாது, தேவையும் இல்ல. 'என் பொறுப்பு'ன்னு இருக்குல்ல, அத கவனிங்க. முகாம் மொத்தமும் என் பொறுப்புன்னு எழுதுனா அது பொய், திட்ட அலுவலர் சார்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு, கையெழுத்து அவரோடது. நேர ஒதுக்கீடும் பதிவும்னு சுருக்கி எழுதுனா கேக்குறவங்களுக்கு நம்பிக்கை வருது. இன்டர்வியூல 'நாங்க பண்ணோம், நாங்க பண்ணோம்'னே பேசுறவங்ககிட்ட நான் நடுவுல நிறுத்தி அதுல நீங்க எதுன்னு கேப்பேன், அங்கதான் பல பேரு தடுமாறுவாங்க.

தெரியாம சொல்றது ரொம்ப சீக்கிரம் வெளிய வந்துரும். அதே சீசன்ல ஒரு தம்பியும் முகாம் நடத்துனேன்னுதான் சொன்னாரு, எத்தனை பேரு திரும்பிப் போனாங்க தம்பின்னு கேட்டேன், யாரும் திரும்பலை மேம், எல்லாரும் கொடுத்தாங்கன்னாரு. காலேஜ்ல ஒரு முகாம்ல ஒருத்தர் கூட திரும்பலேன்னா நம்பவே முடியாது, பொம்பளப் பிள்ளைங்கள்ல ஹீமோகுளோபின் குறைஞ்சு திரும்புறவங்களே நிறைய. பசங்கன்னா ஒரு தடவ கொடுத்து 90 நாள் ஆகியிருக்கணும், பொண்ணுங்கன்னா 120 நாள், அதுல ரெண்டு மூணு பேராவது மாட்டுவாங்க. அவரு பேனர் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்காரு, அது வரைக்கும் உண்மை. இதுல ஒண்ணு கவனிங்க, திரும்புன 18-ஐ மறைக்காம சொன்னதுதான் அந்தப் பொண்ணோட 53-ஐ எங்கள நம்ப வச்சுச்சு.

இன்னொரு தப்பு, இது நல்ல பிள்ளைங்களே பண்றது. ஆதாரம் கேட்டா உடனே மொபைல எடுத்து வாட்ஸப் குரூப்ப, கூகுள் ஷீட்ட தொறந்து காட்டுவாங்க. அதுல பேரு, போன் நம்பர், ரத்தப் பிரிவு, யாருக்கு ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு எல்லாம் இருக்கும். அய்யா, அது அடுத்தவங்க மருத்துவ விவரம், எனக்கு ஏன் காட்டுறீங்க? இன்னைக்கு எனக்குக் காட்டுறவங்க நாளைக்கு எங்க கஸ்டமர் நகைக்கடன் விவரத்த யாருக்குக் காட்டுவாங்களோன்னுதான் தோணும். நான் அந்தப் பொண்ணுகிட்டயும் லிஸ்ட்ட கேட்டேன், வேணும்னேதான் கேட்டேன். "லிஸ்ட் பிளட் பேங்க்லயும் எங்க சார்கிட்டயும் இருக்கு மேம், எண்ணிக்கை மட்டும் என்கிட்ட இருக்கு"ன்னு சொல்லுச்சு. திரும்புனவங்க யாருன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாம, டாக்டரே தனித்தனியா அவங்க கிட்ட பேசுற மாதிரி ஒரு ரூம் ஏற்பாடு பண்ணதையும் அப்பத்தான் சொல்லுச்சு, ரெஸ்யூம்லயும் இல்ல, நாங்க கேக்குற வரைக்கும் வாயிலயும் வரல. எனக்கு அந்த ரூம்தான் மத்த எல்லாத்தையும் விட பெருசா பட்டுச்சு.

ஆதாரமா எது காட்டலாம்னா, நீங்க கைப்பட எழுதுன அனுமதிக் கடிதத்தோட நகல், நேர அட்டவணை (பேரு இல்லாதது), செலவுக் கணக்கு ஒரு பக்கம், மீதி கட்டுன ரசீது, இவ்வளவு போதும். கூட திட்ட அலுவலர்கிட்ட ஒரு கடிதம். 'இவர் நன்னடத்தை உள்ளவர்'னு வழக்கமா டைப் அடிச்சு வச்சிருக்கிறத வாங்காதீங்க, அதுக்கு ஒரு மதிப்பும் இல்ல. இன்ன வருஷம் இன்ன பொறுப்பு கொடுத்தேன், பணக்கணக்கு முடிச்சுக் கொடுத்தாருன்னு ரெண்டே வரி, கீழ காலேஜ் நம்பர். நீங்களே விவரத்த ஒரு தாள்ல எழுதிட்டு போனா அவருக்கும் லேசு, நூறு பிள்ளைங்கள்ல உங்க கணக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. அப்படியே, சார் இந்த கம்பெனிலருந்து போன் வரலாம்னு சொல்லி வச்சுருங்க. நான் அப்படி போன் பண்ணி விசாரிச்சிருக்கேன், யாரு அந்தப் பிள்ளையா, தெரியலையேம்மான்னு ஒரு சாரு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றது.

இதால எல்லாம் நடந்துரும்னு நினைக்க வேண்டாம். பெரிய ஐடி கம்பெனி ஆன்லைன் டெஸ்ட்டுலயும், பேங்க் தேர்வு பிரிலிம்ஸ்லயும் இத யாரும் பாக்க மாட்டாங்க, அங்க மார்க்தான். எங்கள மாதிரி நேர்ல உக்காந்து பேசி எடுக்குற இடத்துல, ஒரே மார்க்குள்ள ரெண்டு பேருல யாருன்னு வரும்போது இது பேசும். கணக்குக்கு வர்றவங்களுக்கு டாலியும் ஜிஎஸ்டியும் தெரியலேன்னா முகாமால ஒண்ணும் ஆகாது. அந்தப் பொண்ணுக்கே டாலி சுமார்தான், அதனால கணக்குல போடல, தேவகோட்டை கிளைல கவுன்ட்டர்ல போட்டோம்.

முகாம் நடத்துனப்ப எதையும் எழுதி வைக்கலேன்னா இப்பயே காலேஜ்ல போயி ரிஜிஸ்டரப் பாத்து எண்ணிக்கைய குறிச்சுக்கங்க, பேரெல்லாம் வேண்டாம். ஞாபகத்துல 'ஒரு நூறு பேரு இருக்கும்'னு அடிச்சு விடாதீங்க, தெரியாத எண்ணிக்கைய விட்டுட்டு தெரிஞ்சத மட்டும் எழுதுங்க. டிசி வாங்குறதுக்கு முன்னாடி போறது நல்லது, மே மாசம் போனா ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எந்த பீரோல இருக்குன்னு சொல்லக் கூட ஆள் இருக்காது.