மேல் கடைவாயில் இம்ப்ளாண்ட்: சைனஸ் லிஃப்ட் எப்போது தேவை?

"எலும்பே இல்லைன்னு சொல்லிட்டாங்க டாக்டர். கன்னத்துப் பக்கம் ஓட்டை போட்டு எலும்புத்தூள் வைக்கணுமாம்." 54 வயது அம்மா ஒருவர், இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேவை மேசையில் வைத்துவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார். மேல் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி எட்டு வருடமாகிவிட்டது. அந்த இடத்தில் இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், வைக்கத்தான் கேட்டிருந்தார். அந்த எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர்தான் தெரிந்தது.

மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் ஈறுப் பக்கமிருந்து எலும்பு கரையும், மேலிருந்து சைனஸின் தரையும் கீழே இறங்கும். இரண்டு பக்கமும் குறைவதால்தான் இந்த இடத்தில் எலும்பு போதாமல் போகிறது. சைனஸின் தரையிலிருக்கும் சவ்வை உயர்த்தி, அதன் கீழே எலும்புத்தூள் வைப்பதுதான் சைனஸ் லிஃப்ட்.

ஆனால் ஓபிஜி ஒரு தட்டைப் படம். கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், சைனஸின் தரை உண்மையில் எங்கே இருக்கிறது என்பது அதில் துல்லியமாகத் தெரியாது. அவருக்கு முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, பல் இருந்த இடத்தைக் குறுக்குவெட்டாகப் பார்த்தேன். சைனஸின் தரை சரிவாக இருந்தது. கன்னப் பக்கம் 5, நடுவில் 7, அண்ணத்தை நோக்கி 8 மில்லிமீட்டர். எலும்பின் அகலம் 9. சைனஸ் லிஃப்ட் இல்லாமலே நடுவில் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை இம்ப்ளாண்டைப் பொருத்தினேன். நான்கு மாதம் ஆறவிட்டு, அதன்மேல் பல் வடிவிலான கிரவுன் வைத்தோம்.

குட்டை இம்ப்ளாண்டுக்கும் வரம்பு உண்டு. அகலம் போதாவிட்டால், எலும்பு பஞ்சுபோல இருந்து இம்ப்ளாண்ட் இறுகப் பிடிக்காவிட்டால், இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் நான் தயங்குவேன். பொதுவாக 8 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் சைனஸ் பக்கமே போக வேண்டியதில்லை. 5 முதல் 8 வரை என்றால் குட்டை இம்ப்ளாண்ட் வைக்கலாம், அல்லது இம்ப்ளாண்டுக்குத் துளைத்த அதே துளை வழியாகத் தரையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெல்ல உயர்த்தலாம். 4-க்கும் கீழே போனால்தான் கன்னப் பக்கம் சன்னல் திறக்கும் பெரிய லிஃப்ட் பெரும்பாலும் தேவைப்படும்.

அப்படி உண்மையாகவே தேவைப்பட்டவர் ஒருவர். வலப்பக்கம் அடுத்தடுத்து இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. எலும்பின் உயரம் 2 மில்லிமீட்டர். ஆனாலும் உடனே செய்யவில்லை. ஸ்கேனில் அந்தப் பக்கத்து சைனஸின் சவ்வு மட்டும் தடித்திருந்தது. பக்கத்துப் பல்லின் வேர் நுனியில் பழைய சீழ்க் கட்டி. மூக்கடைப்பை அவர் சளி என்றே நினைத்திருந்தார். முதலில் அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, சைனஸின் வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பார்க்கச் சொன்னேன். நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சவ்வு பழைய நிலைக்கு வந்திருந்தது. வீங்கிய சைனஸுக்குள் எலும்புத்தூளை வைத்திருந்தால் வடிகால் அடைத்து, தூள் முழுவதும் சீழ் பிடிக்கும் ஆபத்து இருந்தது.

அறுவைச் சிகிச்சையில் கன்னப் பக்க எலும்பில் சிறு சன்னல் திறந்து, உள்ளே இருக்கும் சவ்வைக் கிழிக்காமல் எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். இதை நாங்கள் பழகுவதே பச்சை முட்டையில்தான்: மேல் ஓடு மட்டும் சுரண்டி வர வேண்டும், உட்சவ்வு கிழியக் கூடாது. கிழியாத சவ்வு நோயாளியின் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த அசைவு நின்று, கருப்பாக ஒரு துளை தெரிந்தால் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சைனஸ் லிஃப்டில் அடிக்கடி நேரும் சிக்கல் இதுதான். சிறு கிழிசலைக் கொலாஜன் சவ்வால் மூடித் தொடரலாம். பெரிதாகக் கிழிந்தால் அன்றைக்கு மூடிவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப முயல்வதே நல்லது. பிடிவாதமாகத் தூளை நிரப்பினால் அது சைனஸுக்குள் சிதறும்.

இவருக்குச் சவ்வு கிழியவில்லை. தூள் எலும்பாக இறுக ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்து, பிறகுதான் இம்ப்ளாண்ட் வைத்தேன். லிஃப்ட் செய்தபின் முதல் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், புகைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். மூக்கிலிருந்து மணல் மணலாகத் தூள் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினாலோ, கன்னம் கனத்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்பதை ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன்.

உங்களுக்கு சைனஸ் லிஃப்ட் வேண்டும் என்று சொல்லியிருந்தால், சிபிசிடியின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இம்ப்ளாண்ட் வரப்போகும் அதே இடத்தில் எலும்பின் உயரமும் அகலமும் எத்தனை மில்லிமீட்டர், சவ்வு தடித்திருக்கிறதா, குட்டை இம்ப்ளாண்ட் ஏன் உங்களுக்குப் போதாது என்று கேளுங்கள். எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள் என்றால், ஸ்கேன் பார்க்கும்வரை சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.