சுவரில் உயரத்தில் மாட்டிய படம்: எங்கே நின்றால் பெரிதாகத் தெரியும்?

உயரமான சுவரில் தலைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தால் சட்டத்தின் அடிப்பக்கம்தான் தெரியும். படம் ஒரு கோடாக நசுங்கிப் போகும். வெகுதூரம் பின்னால் போனால் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் அது கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தாக வேண்டும். ரெகியோமான்டனஸ் என்று அறியப்படும் ஜெர்மானியக் கணிதவியலர் யோஹான்னஸ் முல்லர் 1471-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதே கேள்வியைக் கேட்டார். அவர் எடுத்துக்கொண்டது படம் அல்ல, செங்குத்தாகத் தொங்கும் ஒரு கோல்.

‘பெரிதாகத் தெரிவது’ என்பதை ஒரு கோணமாக அளக்கலாம். படத்தின் மேல்விளிம்பிலிருந்து கண்ணுக்கு ஒரு கோடு, கீழ்விளிம்பிலிருந்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே பார்வைக் கோணம். கணக்கில் பலர் தவறுவது உயரங்களை அளக்கும் இடத்தில்தான். உயரங்களைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது. கண்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2.4 மீட்டர், மேல்விளிம்பு 4 மீட்டர், பார்ப்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் என்று கொள்வோம். அப்போது கண்மட்டத்துக்கு மேல் கீழ்விளிம்பு a = 0.9, மேல்விளிம்பு b = 2.5. சுவரிலிருந்து x மீட்டர் தள்ளி நின்றால், கோணத்தை நேர்மாறு டேன்ஜன்ட் தருகிறது:

```
θ = tan⁻¹(b/x) − tan⁻¹(a/x)
```

பின்னால் நகரும்போது இரண்டு கோணங்களுமே குறைகின்றன. ஆனால் ஒரே வேகத்தில் குறைவதில்லை. சுவருக்கு அருகில் இருக்கும்போது கீழ்விளிம்பின் கோணம் சரசரவென்று இறங்குகிறது, மேல்விளிம்பின் கோணம் மெதுவாக இறங்குகிறது. அதனால் இடைவெளி விரிகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு மேல்விளிம்பின் கோணம் கீழ்விளிம்பின் கோணத்தைவிட வேகமாக இறங்கத் தொடங்க, இடைவெளி சுருங்குகிறது. இரண்டு வேகங்களும் சமமாகும் இடமே நாம் தேடும் இடம். அதை வகையிட்டுப் பிடிக்கலாம்:

```
dθ/dx = a/(x²+a²) − b/(x²+b²) = 0
a(x²+b²) = b(x²+a²)
x² = ab
```

நம் எண்களில் ab = 2.25, ஆகவே x = 1.5 மீட்டர். அங்கே மேல்விளிம்பின் கோணம் 59.0 பாகை, கீழ்விளிம்பின் கோணம் 31.0 பாகை, வித்தியாசம் ஏறத்தாழ 28.1 பாகை. அரை மீட்டரில் நின்றால் 17.7 பாகைதான் கிடைக்கும், 5 மீட்டரில் 16.4. 1 மீட்டரிலும் 2.25 மீட்டரிலும் கோணம் ஒன்றே: 26.2 பாகை. பெருக்கினால் ab வரும் எந்த இரு தூரங்களும் இப்படி ஒரே கோணத்தைத் தரும். தூரத்துக்கு எதிரே கோணத்தை வரைந்தால், வரைபடம் சுவர்ப் பக்கம் செங்குத்தாக ஏறி, பின்பக்கம் சாவகாசமாக இறங்குகிறது. ஆகவே நிற்கும் இடத்தில் சந்தேகம் இருந்தால் முன்னால் போவதைவிட ஓரடி பின்னால் நகர்வதே நல்லது.

கணக்கே போடாமலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அங்கே 59-ம் 31-ம் சேர்ந்து 90 ஆவது தற்செயல் அல்ல; x² = ab என்ற இடத்தில் எந்தப் படத்துக்கும் இது பொருந்தும். சாய்வு காட்டும் செயலி உள்ள கைபேசியின் விளிம்பைப் பார்வைக்கோட்டில் பிடித்து, முதலில் மேல்விளிம்பையும் பிறகு கீழ்விளிம்பையும் குறிபார்த்து, கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டின் கூட்டல் 90-ஐத் தாண்டினால் சுவருக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். குறைந்தால் அதிகம் விலகிவிட்டீர்கள்.

விடை ஆளுக்கு ஆள் மாறும். கண் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறுவனுக்கு a = 1.3, b = 2.9, அவன் 1.94 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படத்தின் கீழ்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டால் a எதிர்க்குறி எண்ணாகிவிடும், x² = ab-க்குத் தீர்வே இருக்காது. கிட்டே போகப் போகக் கோணம் பெருகிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் கண்ணுக்கு நேராக மாட்டும் படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கால்குலேட்டரில் 28.07-க்குப் பதில் 0.49 வந்தால் பயப்பட வேண்டாம், அது ரேடியனில் இருக்கிறது. மேலே உள்ள வகைக்கெழுச் சூத்திரமும் ரேடியனுக்குத்தான் பொருந்தும்.

கோணம் பெருமமாகும் இடம்தான் ரசிக்கவும் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 59, 31 இரண்டின் நடுக்கோடு 45 பாகை, அதாவது கழுத்தை அவ்வளவு நிமிர்த்த வேண்டும். சரிவாகப் பார்ப்பதால் படமும் உயரவாக்கில் குறுகித் தெரியும். 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் கோணம் 23.1 ஆகக் குறைகிறது. பார்வையோ ஏறத்தாழ 28 பாகைக்குத் தாழ்கிறது. ஐந்து பாகையை விட்டுக்கொடுத்துக் கழுத்துக்குப் பதினேழு பாகை ஆறுதல் வாங்குகிறோம். நெடுநேரம் நின்று பார்ப்பவர் அங்கேதான் நிற்க வேண்டும்.